நைட் ஷிப்ட் எந்த நாள் கணக்கு? பஞ்ச் வரிகளை நாள் வரியாக்கும் வழிகளில் எது தேறும்

மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் மாதாமாதம் சம்பளப் பட்டியல் போடுகிறவன் நான். எங்களிடம் மூன்று ஷிப்ட்: காலை 6 முதல் பிற்பகல் 2 வரை, 2 முதல் இரவு 10 வரை, இரவு 10 முதல் மறுநாள் காலை 6 வரை. வாசலில் இரண்டு ரேகை மெஷின்கள், உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று. ஆள் விரலை வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி விழும். அதில் ஆள் எண், தேதியும் நேரமும், IN அல்லது OUT. அவ்வளவுதான். ஆனால் சம்பளத்துக்கு வேண்டியது வேறு: ஆளுக்கு, நாளுக்கு, ஒரே ஒரு வரி. எப்போது வந்தார், எப்போது போனார், எத்தனை மணி நேரம்.

எக்செல் தெரிந்தவர்கள் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைக்கிற வேலை இது. நானும் அப்படித்தான் முடித்தேன். அடுத்த சம்பளத்துக்கு மேஸ்திரி ஒரு நைட் ஷிப்ட்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து மேசை முன்னால் நின்றார்.

"தம்பி, இவரு செவ்வாக்கிழமை இருபது மணி நேரம் வேலை பாத்தாருன்னு போட்டிருக்கீங்க. திங்கக்கிழமை ஒரு நிமிஷம். இதுல எதுக்குக் காசு?"

அந்த ஆளின் வரிகளையே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வழியையும் சோதித்துப் பார்த்தேன். அவருக்கு 117 என்று ஓர் எண் வைத்துக்கொள்வோம். தேதிகளையும் மாற்றியிருக்கிறேன்.

```
117  2026-03-02 21:52  IN
117  2026-03-02 21:53  IN
117  2026-03-03 01:30  OUT
117  2026-03-03 02:05  IN
117  2026-03-03 06:10  OUT
117  2026-03-03 21:48  IN
117  2026-03-04 21:55  IN
117  2026-03-05 06:04  OUT
```

மூன்று இரவு வேலை. முதல் இரவில் விரல் சரியாகப் படவில்லை என்று நினைத்து இரண்டு முறை வைத்திருக்கிறார். நடுராத்திரிக்கு மேல் சாப்பாட்டுக்கு வெளியே போய் 35 நிமிடத்தில் திரும்பியிருக்கிறார். இரண்டாம் இரவு முடிந்து போகும்போது வெளி மெஷினில் வைக்கவே இல்லை, கேட் திறந்திருந்தது, நடந்து போய்விட்டார். எட்டே வரிதான், ஆனால் ஒரு பஞ்ச் பதிவில் வழக்கமாக வரும் கோளாறுகள் எல்லாம் இதில் இருக்கின்றன.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். தேதியைப் பிரித்து, ஒரு தேதிக்குள் மிகச் சிறிய நேரம் வந்த நேரம், மிகப் பெரிய நேரம் போன நேரம் என்று பிவட் போட்டேன். பகல் ஷிப்ட் மட்டும் இருக்கும் இடத்தில் இதைவிட நல்ல வழி கிடையாது. இரண்டு முறை விரல் வைத்தாலும் கவலை இல்லை, நடுவில் டீக்குப் போனாலும் கவலை இல்லை, IN OUT என்ற குறியே தேவையில்லை. ஆனால் 117க்கு என்ன ஆனது பாருங்கள். 2ஆம் தேதி 21:52க்கு வந்து 21:53க்குப் போனார், ஒரு நிமிடம். 3ஆம் தேதி 01:30 முதல் 21:48 வரை, 20 மணி 18 நிமிடம். 4ஆம் தேதியும் 5ஆம் தேதியும் பூஜ்யம். மேஸ்திரி சொன்னது இதைத்தான்.

தப்பு கணக்கில் இல்லை, நாள் என்றால் என்ன என்பதில். நாள்காட்டி நாள் நள்ளிரவில் மாறுகிறது, வேலை நாள் மாறுவதில்லை. இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 57ஆம் பிரிவே இதைச் சொல்லியிருந்தது: நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டில், நள்ளிரவுக்குப் பின் செய்த வேலை நேரத்தை முந்தைய நாளில் சேர்க்க வேண்டும், அந்தத் தொழிலாளிக்கு அடுத்த நாள் என்பது ஷிப்ட் முடிந்ததிலிருந்து தொடங்கும் 24 மணி நேரம். கிடங்கு தொழிற்சாலையா இல்லையா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஷிப்ட் எங்கே தொடங்குகிறதோ அந்தத் தேதிக்கு முழு ஷிப்டும் சேரும் என்ற விதியை அப்படியே எடுத்துக்கொண்டேன். இனி எந்த வழியானாலும் இந்த விதியைக் காப்பாற்றுகிறதா என்பதுதான் கேள்வி.

இரண்டாவதாக, கணக்கு பார்க்கும் நண்பர் ஒருவர் சொன்ன வழி. நேரத்திலிருந்து சில மணி நேரத்தைக் கழித்துவிட்டு அப்புறம் தேதியைப் பிரி என்றார். எக்செலில் ஒரு நாள் என்பது 1, மணி நேரம் அதன் பின்னம், அதனால் 12 மணி நேரம் கழிக்க `INT(B2-0.5)` என்று போட்டால் போதும். நாள் நள்ளிரவுக்குப் பதில் நண்பகலில் மாறும். 117க்கு இது அழகாக வேலை செய்கிறது. 2ஆம் தேதிக்கு 21:52 முதல் மறுநாள் 06:10 வரை, ஒரே வரி. 3ஆம் தேதிக்கு 21:48 மட்டும், வெளியே போன நேரம் இல்லை. 4ஆம் தேதி 21:55 முதல் 06:04.

இரவு ஷிப்ட் மட்டும் நடக்கிற இடமாக இருந்தால் இங்கேயே கடையைக் கட்டிவிடலாம். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்கு ஐஸ் உடைக்கிற, பெட்டி தூக்குகிற ஆட்களுக்குக் கணக்கு வைக்கிறவர்களுக்கும் இதுவே போதும், ஏனென்றால் அவர்கள் வேலை ராத்திரி தொடங்கி முற்பகலில் முடிந்துவிடும், நண்பகலில் யாரும் விரல் வைக்க மாட்டார்கள். சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. வெட்டுகிற நேரம் யாருமே பஞ்ச் வைக்காத நேரமாக இருக்க வேண்டும். எங்களைப் போல 24 மணி நேரமும் ஓடுகிற இடத்தில் அப்படி ஒரு நேரம் கிடையாது. நண்பகலில் வெட்டினால் காலை ஷிப்ட் நடுவில் பிளக்கிறது: காலை 5:55க்கு வந்தவரின் IN நேற்றைக்கும் 2 மணி OUT இன்றைக்கும் போய்விடும். சரி, ஷிப்ட் மாறும் 6 மணிக்கு வெட்டலாமே என்றால் அது இன்னும் மோசம். காலை ஷிப்டுக்கு 5:50க்கே வந்துவிடுகிறவர் நேற்றைய நாளில் விழுவார், இரவு ஷிப்ட் முடிந்து 6:10க்குக் கிளம்புகிறவர் இன்றைய நாளில் விழுவார். பாதிப் பேர் சீக்கிரம் வருவார்கள், பாதிப் பேர் தாமதமாகப் போவார்கள், அது மனித இயல்பு.

அடுத்தது, தேதியையே மறந்துவிட்டு வரிக்கு வரி ஜோடி சேர்ப்பது. ஆள் எண்ணாலும் நேரத்தாலும் வரிசைப்படுத்தி, முதல் வரி உள்ளே, இரண்டாம் வரி வெளியே, மூன்றாம் வரி உள்ளே என்று எடுத்துக்கொள்வது. இதைச் செய்கிறவர்கள் நிறையப் பேர், செய்ய வேண்டாம் என்று அழுத்திச் சொல்வதும் இந்த ஒரு வழியைத்தான். 117க்கு எட்டு வரி, அதாவது நான்கு ஜோடி. இரட்டைப்படை எண்ணிக்கை, ஒன்றும் மிஞ்சவில்லை, பார்ப்பதற்குச் சுத்தமாக இருக்கும். உள்ளே நடந்தது என்ன? 21:52 முதல் 21:53, ஒரு நிமிடம். 01:30 முதல் 02:05, அதாவது சாப்பிடப் போன 35 நிமிடம் வேலை நேரமாகிவிட்டது. 06:10 முதல் 21:48, அவர் வீட்டில் தூங்கிய 15 மணி 38 நிமிடமும் வேலை நேரம். கடைசி ஜோடி மட்டும் சரி. ஒரு கூடுதல் விரலும் ஒரு விட்டுப்போன விரலும் ஒன்றையொன்று சரிக்கட்டி, எண்ணிக்கைச் சோதனையையும் ஏமாற்றிவிட்டன. முதல் வழி தப்பு செய்தால் 20 மணி நேரம் என்று கத்திக் காட்டும். இது சத்தமே போடாது.

இதைத் திருத்தி, IN வரிக்கு அடுத்த வரி OUT ஆக இருந்தால் மட்டும் ஜோடி சேர்ப்பது என்று வைத்தால் நிலைமை தலைகீழாக மாறுகிறது. 21:53க்கும் 01:30க்கும் ஜோடி, 02:05க்கும் 06:10க்கும் ஜோடி, 3ஆம் தேதி 21:48க்கு ஜோடி இல்லை என்று தனியாக நிற்கும், 21:55க்கும் 06:04க்கும் ஜோடி. ஒரு தப்பு அடுத்த வரிகளுக்குப் பரவுவதில்லை. தரவுத்தளத்தில் எழுதுகிறவர்கள் `LEAD` என்ற ஒரு சொல்லில் அடுத்த வரியை எடுத்துவிடலாம். மைசீக்வலில் 8.0 பதிப்பிலிருந்துதான் அது உண்டு, 5.7 வைத்திருப்பவர்கள் தேடி அலைய வேண்டாம்.

ஆனால் இது ஜோடிக்கு ஒரு வரி தருகிறது, நாளுக்கு ஒரு வரி அல்ல. ஜோடிகளை நாளாகக் கூட்ட வேண்டும், எந்த நாள் என்று கேட்டால் IN விழுந்த தேதி என்பார்கள். 02:05க்குச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய IN 3ஆம் தேதியில் விழுகிறது. திங்கள் இரவின் பாதி செவ்வாய்க்குப் போய்விட்டது. பழைய வியாதியே வேறு வாசலால் உள்ளே வந்துவிட்டது.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்த வழி, இடைவெளியைப் பார்ப்பது. ஒரே ஆளின் முந்தைய வரிக்கும் இந்த வரிக்கும் நடுவே எவ்வளவு நேரம்? சாப்பாட்டுக்கோ டீக்கோ போனவர் ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றரை மணி நேரத்தில் திரும்புவார். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனவர் குறைந்தது ஏழு எட்டு மணி நேரமாவது வர மாட்டார், டபுள் ஷிப்ட் பார்த்தவர் உட்பட. ஆக, IN வரியாக இருந்து, முந்தைய வரியிலிருந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால், அது புதிய வேலை நாள். இல்லையென்றால் பழைய நாளின் தொடர்ச்சி.

IN வரி என்ற நிபந்தனையை முதலில் நான் வைக்கவில்லை, வெறும் இடைவெளியை மட்டும் பார்த்தேன், உடனே அடி வாங்கினேன். சாப்பாட்டுக்கு வெளியே போகாமல் எட்டு மணி நேரம் உள்ளேயே இருந்தவரின் OUT வரி புதிய நாளாகிவிட்டது. வரம்பை 10 மணிக்கு ஏற்றினால் ஓ.டி. பார்த்தவர் மாட்டுவார், 17க்கு ஏற்றினால் 16 மணி நேரம் ஓய்வெடுத்து வருகிற சாதாரண ஆளே மாட்டுவார். உள்ளே இருக்கும் நேரமும் வெளியே இருக்கும் நேரமும் ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன. IN என்று சேர்த்ததும் கேள்வி எளிதாகிறது: வெளியே இருந்த நேரத்தை மட்டும்தான் அளக்கிறோம், அதில் ஒன்றரை மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. 5 என்று வைத்தாலும் 4 என்று வைத்தாலும் பதில் மாறாது. உங்கள் இடத்தில் எவ்வளவு என்று தெரிய, IN வரிகளின் இடைவெளிகளை மட்டும் ஏறுவரிசையில் அடுக்கிப் பாருங்கள், பள்ளம் கண்ணுக்கே தெரியும்.

எக்செலில் A ஆள் எண், B நேரம், C குறி. A, B வாரியாக அடுக்கிய பிறகு, ஒரே ஆள் ஒரே குறியை 5 நிமிடத்துக்குள் மறுபடி வைத்திருந்தால் இரண்டாவதை நீக்கிவிடுங்கள். அப்புறம் D நெடுவரிசையில் வேலை நாள், E நெடுவரிசையில் ஜோடியின் நேரம்:

```
D2: =IF(A2<>A1,INT(B2-TIME(3,0,0)),
     IF(AND(C2="IN",B2-B1>TIME(5,0,0)),
        INT(B2-TIME(3,0,0)),D1))

E2: =IF(AND(A3=A2,D3=D2,C2="IN",C3="OUT"),B3-B2,0)
```

அந்த 3 மணி நேரக் கழிப்பு எதற்கு என்று கேட்பீர்கள். நைட் ஷிப்டுக்கு வர வேண்டியவர் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர் வரிசைக்குள் மாட்டிக்கொண்டு 00:10க்கு வந்து சேருகிறார் என்று வையுங்கள். IN விழுந்த தேதியையே பெயராக வைத்தால் அது மறுநாள் ஆகிவிடும், அன்று இரவு 21:50க்கு அவர் மறுபடி வரும்போது இரண்டு இரவுகளும் ஒரே தேதிக்குள் சேர்ந்துவிடும். அதிகாலை 3 மணிக்கு எந்த ஷிப்டும் தொடங்குவதில்லை, அதற்கு முன் வருகிறவர் நேற்றைய ஷிப்டுக்குத் தாமதமாக வந்தவர்தான். நண்பர் சொன்ன வெட்டு நேரம் இங்கே திரும்பி வருகிறது, ஆனால் நாளின் முதல் வரிக்கு மட்டும். எல்லா பஞ்சுக்கும் பொதுவான ஓய்ந்த நேரம் எங்களிடம் இல்லை, முதல் பஞ்சுக்கு இருக்கிறது.

H நெடுவரிசையில் ஆள் எண், I நெடுவரிசையில் நாள் வைத்து, நாள் வரியை எடுப்பது இப்படி:

```
J2: =MINIFS(B:B,A:A,H2,D:D,I2,C:C,"IN")
K2: =MAXIFS(B:B,A:A,H2,D:D,I2,C:C,"OUT")
L2: =SUMIFS(E:E,A:A,H2,D:D,I2)
```

`MINIFS`, `MAXIFS` இரண்டும் எக்செல் 2019 முதல் உண்டு. L நெடுவரிசைக்கு `[h]:mm` வடிவம் கொடுங்கள், சும்மா `h:mm` என்று விட்டால் 24 மணி நேரத்துக்கு மேல் போன தப்பு வரிகள் சின்ன எண்ணாகத் தெரிந்து தப்பித்துவிடும்.

117க்கு இப்போது மூன்று வரி. 2ஆம் தேதி 21:52 முதல் 06:10 வரை, வேலை நேரம் 7:43. 3ஆம் தேதி 21:48க்கு வந்தார், OUT இல்லை, நேரம் பூஜ்யம். 4ஆம் தேதி 21:55 முதல் 06:04, 8:09. முதல் நாளில் போனதிலிருந்து வந்ததைக் கழித்தால் 8:18 வரும், ஜோடிகளைக் கூட்டினால் 7:43. வித்தியாசம் அந்தச் சாப்பாட்டு 35 நிமிடம். அதற்குச் சம்பளம் உண்டா என்பது உங்கள் நிறுவனத்தின் முடிவு, இரண்டு எண்ணும் கையில் இருப்பது நல்லது. காலை ஷிப்ட் பார்த்துவிட்டு அதே நாள் இரவு ஷிப்டுக்கும் திரும்ப வருகிறவர் இரண்டு வரியாகாமல் ஒரே தேதியில் சேர்வார், அப்போது வந்தது போனது நடுவே 24 மணி நேரம் தெரியும், L மட்டும் 16 மணி நேரம் என்று சரியாகச் சொல்லும்.

இந்த வழிக்கும் ஓட்டைகள் உண்டு. OUT இல்லாத நாளில் `MAXIFS` வெற்றிடம் தராது, 0 தரும், நேர வடிவத்தில் அது 00:00 என்று தெரியும். 3ஆம் தேதி 21:48க்கு வந்தவர் நள்ளிரவில் கிளம்பிவிட்டார் என்று படிப்பவர் நம்பிவிடுவார். நான் ஒரு மாதம் அப்படி நம்பினேன். K பூஜ்யமானால் "OUT இல்லை" என்று எழுத வையுங்கள். IN விட்டுப்போனால் வேறு மாதிரி: 4ஆம் தேதி IN இல்லாமல் போயிருந்தால், 5ஆம் தேதி 06:04 OUT போய் 3ஆம் தேதி IN உடன் ஒட்டிக்கொண்டு 32 மணி 16 நிமிடம் காட்டும். K-இல் இருந்து J-ஐக் கழித்தது 18 மணி நேரத்தைத் தாண்டும் வரிகளைச் சிவப்பாக்கிவிட்டால் இது தப்பாது. மேலே சொன்ன இரண்டு ஷிப்ட்காரரும் சிவப்பில் வருவார், பார்த்துவிட்டு விட்டுவிடலாம்.

மாத எல்லையும் தொல்லை தரும். 1ஆம் தேதியிலிருந்து பதிவை எடுத்தால், நைட் ஷிப்ட்காரரின் முதல் வரியே காலை 6 மணி OUT ஆக இருக்கும், அதன் IN போன மாதத்தில் தங்கிவிட்டது. முந்தைய மாதத்தின் கடைசி நாளிலிருந்து அடுத்த மாதத்தின் முதல் நாள் முழுவதும் வரை எடுத்து, நாள் வரி போட்ட பிறகு I நெடுவரிசையை வைத்து வடிகட்ட வேண்டும். மெஷினிலிருந்து வரும் கோப்பில் 02-03-2026 என்று இருந்தால், கணினியின் தேதி அமைப்பைப் பொறுத்து அது பிப்ரவரி 3 ஆகிவிடும், 12ஆம் தேதிக்கு மேல் இருப்பவை வெறும் எழுத்தாக நின்றுவிடும். `ISNUMBER(B2)` போட்டுப் பார்த்தால் தெரியும்.

ஒரே மெஷின் வைத்து, ஆளே IN, OUT பொத்தானை அழுத்த வேண்டிய இடங்களில் இந்த வழி நிற்காது. யாரும் அழுத்துவதில்லை, எல்லா வரியும் IN என்றே வரும். அங்கே பகல் வேலை மட்டும் என்றால் முதல் வழிக்கே போங்கள், இரவு மட்டும் என்றால் வெட்டு நேரம். மூன்று ஷிப்டும் ஓடி, மெஷினும் ஒன்றே என்றால் வெளி வாசலுக்கு இன்னொன்று வாங்குங்கள், சூத்திரத்தில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

117இன் 3ஆம் தேதி வரி காலியாகத்தான் இருந்தது. பதிவில் நான் கை வைக்கவில்லை. பக்கத்தில் M நெடுவரிசையில், மேஸ்திரி சொன்ன நேரம் என்று தலைப்பு போட்டு, "காலைல ஆறேகாலுக்கு என்னோடதான் டீ குடிச்சாரு" என்று அவர் சொன்னதை 06:15 என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.